பென்சீன் கணக்கில் அடிபட்ட ப்ளஸ்

அபிதகுசாம்பாள் என்று முழுப்பெயரைச் சொன்னால் ஆரணியில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. அபிதா மிஸ் என்று சொல்லிப் பாருங்கள். ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, "கெமிஸ்ட்ரி மிஸ்ஸா? எங்க அக்கா பொண்ணு அவங்ககிட்டதான் படிச்சுது" என்பார். தறி ஓடும் தெருவில் பிறந்து, தறிச் சத்தத்துக்கு நடுவிலேயே எம்.எஸ்ஸி. வரைக்கும் படித்தவர். அதனாலோ என்னவோ வகுப்பில் அவருக்குக் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் வரும். பக்கத்து வகுப்புத் தமிழ் ஆசிரியை கதவைச் சாத்திக்கொண்டுதான் பாடம் நடத்துவார். அதில் அபிதாவுக்கு வருத்தமெல்லாம் இல்லை. "அவங்க பிள்ளைங்களுக்கும் கொஞ்சம் கெமிஸ்ட்ரி வரட்டுமே" என்று சிரித்துவிட்டுப் போவார்.

கோபக்காரர்தான், அதை மறைப்பானேன். ஆனால் அந்தக் கோபம் பிள்ளைகள் மேல் வந்ததைவிடக் கணக்கின் மேல் வந்ததுதான் அதிகம். சமன்பாட்டில் நீர் என்று எழுதிவிட்டு அது நீர்மமா ஆவியா என்று போடாமல் விட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "மொட்டையா தண்ணின்னு எழுதினா நான் இன்னான்னு எடுத்துக்கறது? தண்ணி உருவாகற வெப்பம் நீர்மம்னா மைனஸ் 285.8 கிலோஜூல். ஆவின்னா மைனஸ் 241.8. ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ வித்தியாசம் பாரு. நீ பாட்டுக்கு எழுதிட்டுப் போயிடுவ, திருத்தறவங்க பேஜாராயிடுவாங்க" என்று சாக்பீஸாலேயே மேசையைத் தட்டுவார். பதினோராம் வகுப்புப் பெண்கள் பயந்தது மாதிரி இருப்பார்கள். உண்மையில் பயப்பட மாட்டார்கள். அவர் திட்டினால் அன்றைக்குப் பாடம் புரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை அவர்களுக்கு.

ஹெஸ் விதியை அவர் நடத்துவதே தனி அழகு. "தேவிகாபுரம் மலைக்கு எல்லாரும் போயிருக்கீங்க இல்ல? நேரா ஏறினாலும் சரி, சுத்திக்கினு ஏறினாலும் சரி, அடியிலேர்ந்து உச்சிக்கு உயரம் ஒண்ணுதான். வெப்பக் கணக்கும் அப்படித்தான். ஆரம்பம் எது, முடிவு எது, அவ்ளோதான் கேள்வி. வழி எதுவா இருந்தா என்ன?" என்பார். அப்புறம் புரோப்பேனுக்கு வருவார். கார்பனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து நேராகப் புரோப்பேன் செய்து வெப்பத்தை அளந்து பார்க்க முடியாது. வேறு ஏதேதோ கலந்து வந்து நிற்கும். ஆனால் கார்பனை எரிக்கலாம், ஹைட்ரஜனை எரிக்கலாம், புரோப்பேனையும் எரிக்கலாம். மூன்றையும் எரித்து அளந்துவிட்டால், அளக்க முடியாத நாலாவது எண், அதாவது புரோப்பேன் உருவாகும்போதான வெப்பம், பாடப் புத்தகம் உருவாதல் என்தால்பி என்று சொல்வது, தானாக வந்து கையில் விழும். கார்பன் சமன்பாட்டை மூன்றால் பெருக்கு, ஹைட்ரஜன் சமன்பாட்டை நாலால் பெருக்கு, புரோப்பேன் எரிகிற சமன்பாட்டைத் தலைகீழாகத் திருப்பு, மூன்றையும் கூட்டு. இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், விசேஷ வீட்டில் பந்தி பரிமாறுகிறவர் மாதிரி அவ்வளவு சந்தோஷம்.

இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் பிள்ளைகள் எங்கே சறுக்கினார்கள் என்றால் குறியில்தான். கார்பனும் ஹைட்ரஜனும் எரிந்து வந்த மைனஸ் 2323.7-லிருந்து புரோப்பேன் எரிந்து வந்த மைனஸ் 2220.2-ஐக் கழிக்க வேண்டும். கழிக்கிற மைனஸும் எண்ணின் மைனஸும் சேர்ந்து கூட்டலாக மாறி மைனஸ் 103.5 வர வேண்டும். ஒருத்திக்கு மைனஸ் 4543.9 வரும். இன்னொருத்தி இரண்டையும் மாற்றிக் கழித்துவிட்டு ப்ளஸ் 103.5 என்று கொண்டுவந்து நீட்டுவாள். வருஷா வருஷம் இதே கதை. ஒரு வருஷம், தேர்வு நெருங்கிய நேரத்தில், பொறுக்க முடியாமல் அபிதா ஒரு குறுக்கு வழி சொல்லிவிட்டார். "இதோ பாருங்கடி, உருவாதல் என்தால்பி கேட்டா விடை மைனஸ்லதான் வரணும். ப்ளஸ் வந்துச்சுன்னா எங்கியோ குறி தப்பாயிடுச்சுன்னு அர்த்தம். நேரம் இருந்தா திரும்பப் போட்டுப் பாருங்க. நேரம் இல்லன்னா ப்ளஸை அடிச்சிட்டு மைனஸ் போட்டுட்டு வாங்க."

அந்த வருஷம் அந்தக் கேள்விக்கு எல்லாப் பெண்களும் முழு மதிப்பெண் வாங்கிவிட்டார்கள். அப்புறம் விடுவாரா? வருஷா வருஷம் அதைச் சொன்னார். கேள்வித்தாளில் மீத்தேன் வந்தது, ஈத்தேன் வந்தது, எத்தனால் வந்தது, எல்லாம் மைனஸ்தான். குறுக்கு வழி ஒரு தடவைகூடக் கைவிடவில்லை. எல்லாப் பொருளுக்கும் இது பொருந்தாது என்று அவருக்குத் தெரியாதா? எம்.எஸ்ஸி.யில் படித்தவர்தானே, நன்றாகவே தெரியும். ஆனால் தெரிந்தது ஒரு பக்கம் கிடந்தது, சொன்னது ஒரு பக்கம் ஓடியது. தினம் தினம் சொல்லுகிற ஒன்றை யார்தான் நிறுத்தி நிதானமாகக் கேட்டுப் பார்க்கிறார்கள்?

அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் திருப்புதல் தேர்வுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள். விடைத்தாளை மட்டும் ஒரு பள்ளிக்கூடத்துடையதை இன்னொரு பள்ளிக்கூடத்து ஆசிரியர் திருத்துவார். தன் பிள்ளைக்குத் தானே தாராளமாக மதிப்பெண் போட்டுவிடக் கூடாது என்பதற்கு இந்த ஏற்பாடு. அபிதாவின் பெண்கள் எழுதிய தாள்கள் களம்பூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் எடுக்கும் அடைக்கலசாமியிடம் போயின. அமைதியான மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் தாள் திருத்த உட்கார்ந்துவிட்டால் சொந்தத் தம்பியின் மகனுக்கும் அரை மதிப்பெண் கூடப் போடமாட்டார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது.

தாள் போன அந்த வாரத்திலேயே ஒருநாள் காலையில், முதல் பாடவேளை முடிந்ததும், தலைமை ஆசிரியை சகாயம்மாள் அபிதாவைக் கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் அடைக்கலசாமி உட்கார்ந்திருந்தார். மேசைமேல் விடைத்தாள் கட்டு பிரித்தபடி இருந்தது. அபிதாவைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.  நல்ல சேதி கொண்டுவருகிறவர் யாரும் இப்படி எழுந்து நிற்கமாட்டார்கள்.

"உக்காருங்க டீச்சர்" என்றார் சகாயம்மாள். "சார் ஒண்ணு சொல்றாரு. நீங்களே கேளுங்க."

அடைக்கலசாமி தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். பென்சீன் கணக்கு ஒண்ணு கேட்டிருந்தாங்க இல்ல? எரிதல் என்தால்பி குடுத்துட்டு உருவாதல் என்தால்பி கேட்டது. உங்க பொண்ணுங்க எல்லாரும் மைனஸ் 48.6-னு எழுதியிருக்காங்க. தப்பான விடை. ஒரு பொண்ணு ரெண்டு பொண்ணுன்னா நான் கேட்க மாட்டேன். மொத்த வகுப்பும் அதே தப்பு."

"கழிக்கிறதுல குறி விட்டிருப்பாங்க சார்" என்றார் அபிதா.

"அதான் இல்ல மேடம். கணக்கு சரியாத்தான் இருக்கு. பாருங்க." ஒரு தாளை எடுத்துத் திருப்பி வைத்தார். "ஆறு கார்பன் டை ஆக்சைடுக்கு மைனஸ் 2361. மூணு தண்ணிக்கு மைனஸ் 857.4. ரெண்டும் சேர்த்து மைனஸ் 3218.4. அதிலேர்ந்து பென்சீனோட மைனஸ் 3267-ஐக் கழிக்கணும், ப்ளஸ் 3267 ஆயிடுது. இது வரைக்கும் அழகா இருக்கு. ப்ளஸ் 48.6-னு எழுதியும் இருக்கு. அப்புறம் அதை அடிச்சிட்டு மைனஸ் போட்டிருக்காங்க. அடுத்த தாளும் அப்படித்தான், அதுக்கு அடுத்ததும் அப்படித்தான். கணக்கு ஒண்ணு சொல்லுது, விடை வேற சொல்லுது. அப்படின்னா விடை கணக்குலேர்ந்து வரல. வெளியிலேர்ந்து வந்திருக்கு."

சகாயம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஹால்ல யாரோ விடையைப் படிச்சுக் காட்டியிருக்காங்கன்னு சார் நினைக்கிறாரு. முறைகேடுன்னு எழுதிக் குடுக்கத்தான் வந்திருக்காரு. எழுதினா மொத்த வகுப்புக்கும் இந்தத் தேர்வு ரத்து. பெத்தவங்களை எல்லாம் கூப்பிட்டுச் சொல்லணும். அன்னிக்கி ஹால்ல இருந்த டீச்சர்கிட்ட விளக்கம் கேக்கணும்."

பெற்றவர்களைக் கூப்பிடுவது என்றால் என்னவென்று அபிதாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த வகுப்பில் பல வீடுகளில் பெண் பதினொன்று படிப்பதே ஒரு இழுபறியில்தான் நடந்துகொண்டிருந்தது. பத்தாவது போதும் என்று சொன்ன அப்பாவிடம் அபிதாவே நேரில் போய்ப் பேசிச் சேர்த்துவிட்ட பெண்கள் மூன்று நாலு பேர் இருந்தார்கள். காப்பி அடித்தாள் என்று ஒரு சொல் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் போதும். "இதுக்குத்தான் அனுப்பினோமா" என்று அதோடு படிப்பை நிறுத்திவிடுவார்கள்.

அபிதா மேலாக இருந்த தாள்களை எடுத்துப் புரட்டினார். நீர் என்று எழுதிய இடத்திலெல்லாம் நீர்மம் என்று அடைப்புக்குள் போட்டிருந்தது. ஆக்சிஜன் இரண்டு பக்கமும் ஏழரை ஏழரையாக அடிபட்டுப் போயிருந்தது. எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது, அட்சரம் பிசகாமல். அதற்கடுத்த வரியில் ப்ளஸ் 48.6. அதன் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் மைனஸ் 48.6. சில தாள்களில் அந்தக் கோடு அழுத்தமாக இருந்தது, சிலவற்றில் மனசில்லாமல் போட்டது மாதிரி மெல்லிசாக இருந்தது.

ப்ளஸை அடிச்சிட்டு மைனஸ் போட்டுட்டு வாங்க. வாய்விட்டுச் சொன்ன சொல் அப்படியே தாளில் உட்கார்ந்திருந்தது. அபிதாவுக்குக் காது இரண்டும் சுட்டது. ஹாலில் யார் படித்துக் காட்டினார்கள் என்று தேடவே வேண்டாம், படித்துக் காட்டியவர் நாற்காலியில் உட்கார்ந்து தாளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது வந்ததுதான், இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இத்தனை வருஷ நல்ல பெயர். ஹால் டீச்சர் தன்மேல் தப்பில்லை என்று விளக்கம் எழுதிக் கொடுத்துவிடுவார், எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் கையில் இருந்த தாளின் மேல் அந்தப் பெண்ணின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அந்தக் குறுக்குக் கோட்டுக்கு முன்னால் இருந்த வரி வரைக்கும் அவள் ஒரு தப்பும் செய்யவில்லை.

"சார், நீங்க சொன்னது சரிதான்" என்றார் அபிதா. "விடை வெளியிலேர்ந்துதான் வந்திருக்கு. நான்தான் குடுத்தேன்."

சகாயம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "டீச்சர், நீங்க அன்னிக்கி ஹால்ல இல்லையே."

"ஹால்ல இல்லைங்க மேடம், வகுப்புல. உருவாதல் என்தால்பி ப்ளஸ்ல வந்தா தப்பு, அடிச்சிட்டு மைனஸ் போடுங்கன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். இந்த வருஷம் மட்டும் இல்ல, ரொம்ப வருஷமாச் சொல்லிகினு இருக்கேன். பிள்ளைங்க யாரையும் பார்த்து எழுதல. நான் சொன்னதை அப்படியே செஞ்சிருக்காங்க."

அடைக்கலசாமி கட்டைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு மூன்று தாள்களை மறுபடி பார்த்தார். "நான் தப்பா நினைச்சிட்டேன்" என்றார் கடைசியில்.

"இல்ல சார். இதைப் பார்த்தா யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க."

"எழுதிக் குடுக்க மாட்டேன் மேடம். ஆனா விடைக்கு உண்டான மார்க் என்னால போட முடியாது. தப்பு தப்புதான்."

"போடாதீங்க சார். அது போகட்டும்."

சகாயம்மாள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் கணக்கு ஆசிரியையாக இருந்து தலைமை ஆசிரியை ஆனவர். "பென்சீனுக்கு மட்டும் ஏன் ப்ளஸ்?" என்று கேட்டார். சும்மா சூழ்நிலையை மாற்றக் கேட்டாரா, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாரா, சொல்ல முடியாது. அபிதா தாளிலிருந்த எண்களைக் காட்டி விளக்கினார். 

அடைக்கலசாமி கிளம்புவதற்கு முன்னால் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். "இது ஒண்ணு மட்டும் தனி மேடம். இந்தப் பொண்ணு அடிக்கல. ப்ளஸ் 48.6-னு அப்படியே விட்டிருக்கு. மொத்த வகுப்புல இது ஒருத்திதான். முதல்ல நான் சொல்லும்போது இதை மறந்துட்டேன்."

தேவிப்ரியா என்று பெயர் இருந்தது. கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்காருகிற பெண். அதிகம் பேசமாட்டாள். அபிதா அந்தத் தாளைக் கையில் வாங்கினபோது, காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. ஒருத்தியாவது இருக்கிறாளே. மிஸ் சொன்னாலும் சரி, கடவுளே வந்து சொன்னாலும் சரி, என் கணக்கு இப்படித்தான் சொல்லுகிறது என்று நின்ற ஒருத்தி. அந்த ஒரு தாளை அவர் மதியம் வரைக்கும் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி ஒரு தடவை பார்த்தார்.

மதியம் பதினோராம் வகுப்புக்குப் போனதும் முதலில் பலகையைத் துடைத்தார். பென்சீன் கணக்கை முதலிலிருந்து போட்டார். கார்பன் எரிவதை ஆறால் பெருக்கினார், ஹைட்ரஜன் எரிவதை மூன்றால் பெருக்கினார், பென்சீன் எரிவதைத் தலைகீழாக்கினார். கூட்டினார். ப்ளஸ் 48.6 என்று எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதான் சரியான விடை" என்றார் அபிதா. இன்றைக்குக் குரல் ஓங்கவில்லை. "ப்ளஸ் வந்தா தப்புன்னு நான் சொன்னேன் இல்ல? நான் சொன்னதுதான் தப்பு. உங்க கணக்கு எல்லாம் சரியா இருந்துச்சு. என் பேச்சைக் கேட்டு அடிச்சிட்டீங்க. அதனால உங்களைக் காப்பி அடிச்சதா நினைச்சாங்க. உங்க மேல வந்திருக்க வேண்டிய பழி இல்ல அது. மன்னிச்சிடுங்க."

 மிஸ் மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. முன்வரிசையில் ஒருத்தி பேனா மூடியைக் கடித்தபடி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அபிதா தொடர்ந்தார். "ஏன் ப்ளஸ்னு கேளுங்க. ஆறு மோல் கார்பனையும் மூணு மோல் ஹைட்ரஜனையும் தனித்தனியா எரிச்சா 3218.4 வெளிய வருது. அதே கார்பனும் ஹைட்ரஜனும் ஒரு மோல் பென்சீனா இருந்து எரிஞ்சா 3267 வருது. முடிவுல கிடைக்கிறது ரெண்டுலயும் அதே கார்பன் டை ஆக்சைடு, அதே தண்ணி. அப்போ கூட வந்த 48.6 எங்கேர்ந்து வந்துச்சு? பென்சீன் உருவாகும்போதே அது உள்ள போயிருக்கணும். உள்ள போனா ப்ளஸ். புரோப்பேன் அதுக்கு நேர் எதிர். உருவாகும்போதே 103.5-ஐ வெளிய விட்டுடுது, அதான் எரியும்போது அந்த அளவு குறைச்சலா வருது. மைனஸா ப்ளஸான்னு பொருள்தான் சொல்லும். நான் சொல்லக் கூடாது."

இதைச் சொன்னபோது நாலைந்து தலைகள் ஆடின. ஒருத்தி மெதுவாக, "அப்போ எத்தீனுக்கும் ப்ளஸ் வருமா மிஸ்?" என்றாள். போட்டுப் பார் என்று எண்களைக் கொடுத்தார். எரிதல் மைனஸ் 1411. இரண்டு கார்பன் டை ஆக்சைடு, இரண்டு தண்ணீர். கொஞ்ச நேரத்தில் அவளே, "ப்ளஸ் 52.4 வருது மிஸ்" என்றாள். சொல்லிவிட்டு அடிக்கலாமா வேண்டாமா என்று கேட்பவள் போல மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். "அடிக்காத, சரிதான்" என்றார் அபிதா. அந்தப் பார்வை அவருக்கு வலித்தது.

மணி அடித்துப் பெண்கள் வெளியே போனபோது தேவிப்ரியாவை மட்டும் நிற்கச் சொன்னார். பாடப் புத்தகத்திலிருந்து அந்தத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"மொத்த வகுப்புல நீ ஒருத்திதான் மாத்தாம விட்டிருக்க" என்றார். "எப்படிம்மா? நான் அவ்ளோ தூரம் சொல்லியிருந்தேனே, உனக்கு மட்டும் எப்படி தைரியம் வந்துச்சு?"

தேவிப்ரியா தாளைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. எதற்கோ மாட்டிக்கொண்டவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தைரியமெல்லாம் இல்ல மிஸ். ப்ளஸ் வந்துச்சா, நீங்க சொன்ன மாதிரி திரும்பப் போட்டேன். மறுபடியும் ப்ளஸ்தான் வந்துச்சு. இன்னும் ஒரு தரம் போட்டேன். அப்பவும் அதேதான். எங்க தப்பு பண்ணேன்னே தெரியல. கடைசியா அடிக்கலாம்னு பேனா எடுத்தேன். அதுக்குள்ள டீச்சர் ஜல்தியா வந்து பேப்பரை வாங்கிகினாங்க."

அபிதா தாளைத் தன் பக்கம் திருப்பினார். "மூணு தரம் போட்டும் அதேதானே வந்துச்சு? உன் கணக்கு சரின்னு உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது மிஸ்" என்றாள் தேவிப்ரியா. "ஆனா நீங்க சொல்லியிருந்தீங்களே."